எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில்

அப்பாவின் எட்டுச்செலவு அன்று இரவு, படையல் இலையின் ஓரத்தில் பெரியப்பா ஒரு சிகரட் பெட்டியையும் நெருப்புப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி, மீன் குழம்பு படாத இடத்தில் வைத்தா. அப்பா சிகரட் குடிக்கிறவர் என்பது அம்மாவுக்குத் தெரியும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் மூன்று பேரும் அதை ஏதோ எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு 23 நாள் கழித்து, அந்தியேட்டி முடித்துக் கீரிமலையால் வந்து, வீட்டில் சாப்பாடு நடக்கேக்க வந்தவர்களுக்கெல்லாம் கல்வெட்டு குடுத்தோம். அதில் அச்சாகியிருந்த அப்பா, புகையும் மதுவும் என்னவென்றே அறியாத உத்தமர்.

இதைப் பகிடியாகத்தான் நாங்கள் முதலில் கதைத்தோம். இப்பவும் பகிடிதான். ஆனால் மூன்றாவது திவசமும் முடிந்த பிறகு, அந்த 23 நாளுக்குள் எங்கட அப்பாவுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளராத வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கட பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டினது இல்லை. செத்தவரின் நினைவாக 31ஆம் நாள் அச்சடித்துக் குடுக்கிற சின்னப் புத்தகம். நினைவு மலர் என்றும் சொல்லுவார்கள். முன் அட்டையில் படம். உள்ளே பிள்ளையார் துதி, பஞ்சபுராணம், பிறகு திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல். இந்த ஒழுங்கு வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், பெரிதாக மாறாது.

இதில் திதி வெண்பா எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. நாலு வரிக்குள் வருஷத்தின் பெயர், மாதம், பக்கம், திதி எல்லாம் வந்துவிட வேண்டும். அப்பாவுக்கு அது சுபகிருது வருஷம், ஐப்பசி மாதம், பூர்வபக்கம், பஞ்சமி. இங்கிலீஷ் கலண்டரில் 2022 ஒக்டோபர் 29, சனிக்கிழமை பின்னேரம். வெண்பா எழுதினவர் அழகுக்காக எழுதவில்லை. அடுத்த வருஷம் எந்த நாளில் திவசம் செய்வது என்று பிள்ளைகள் மறக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். எங்கட வீட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி சாமியறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பொய் தொடங்கிறது புலம்பலில். புலம்பல் என்பது செத்தவரின் உறவுகள் ஒவ்வொருவரும் அழுவதாக எழுதப்படும் பாட்டு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று தலைப்புப் போட்டுத் தனித்தனியாக வரும். எழுதுவது நாங்கள் இல்லை. ஊரில் கல்வெட்டுப் பாடுகிற ஐயா ஒருவர் இருப்பார். அவர் ஒரு கடுதாசியைத் தந்து விபரம் எழுதித் தரச் சொல்லுவார். பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன், கட்டின இடம், பிள்ளைகள், செத்த நேரம். நாங்களும் அதை நிரப்பிக் குடுத்தோம். அவரில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மனுசன் இரண்டு இரவு இருந்து, யாப்புப் பிழைக்காமல் எழுதித் தந்தவர். அவர் கேட்காததை நாங்களும் சொல்லவில்லை.

மக்கள் புலம்பலில் நாங்கள் அப்பாவைப் பார்த்து, பக்கத்தில் இருத்திப் பாடம் சொல்லித் தந்த கையை இனி எங்கே காண்போம் என்று அழுகிறோம். அப்பா எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்ததே இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் ரியூசன் வாசலில் இறக்கிவிடுவார். எட்டு மணிக்குத் திரும்ப வந்து ஏற்றுவார். இடையில் அந்தச் சந்தியில் நின்று ஹயர் ஓடுவார். அவ்வளவுதான் எங்கட படிப்பில் அப்பாவின் பங்கு. அது சின்னப் பங்கும் இல்லை. ஆனால் அது பாட்டில் இல்லை.

தம்பிக்கு அப்போது 14 வயது. புத்தகத்தை வாங்கி வாசித்துவிட்டு, "நான் எப்ப இப்பிடிச் சொன்னனான்?" என்று கேட்டான். மாமி அவனை ஏசினா. "செத்தவீட்டில கேக்கிற கேள்வியே இது?" அவன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தியேட்டி அன்று அவன் அழவும் இல்லை. அதையும் நாலு பேர் கவனித்துக் கதைத்தார்கள். இப்ப யோசித்துப் பார்த்தால், அவனுக்குப் பதிலாகத்தான் புத்தகம் ஏற்கெனவே அழுதுவிட்டதே. பிறகு அவன் எதற்கு அழ?

எங்கட வாதம் இதுதான். எங்கட சடங்குகளுக்குள்ளேயே நேர்மைக்கு இடம் இருக்கு. எட்டுச்செலவு அதற்காகவே வைத்த நாள் மாதிரி. செத்தவருக்கு என்ன பிடிக்குமோ அதைச் சமைத்துப் படைக்கச் சொல்லுது. மீனோ, இறைச்சியோ, கள்ளோ, சுருட்டோ, அவர் எப்படி இருந்தாரோ அப்படியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்கிறது. அன்றைக்கு ஒருத்தரும் அவரைத் திருத்தப் பார்ப்பதில்லை. அப்படி உயிரோடு வைத்திருந்த ஆளை, 31ஆம் நாள் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்து, யாருக்கும் தெரியாத ஒரு உத்தமராக்கிக் கொண்டுவருகிறோம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் திவசத்துக்கு நாங்கள் கூப்பிடுவது எந்த அப்பாவை?

முதலாவது வருஷம் எங்களுக்கு இது தெரியவில்லை. அந்த வருஷம் முழுக்கத் திகதிக் குழப்பமே பெருங்குழப்பம். 2023இல் ஆட்டத்திவசம் ஒக்டோபர் 19ஆம் திகதி வந்தது. செத்த திகதிக்குப் பத்து நாள் முதல். அது எப்படி ஒரு வருஷமாகும் என்று தம்பி கேட்டான். அவனுக்கு நாங்கள் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். திதி சந்திரனைப் பார்த்து வருகிறது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அப்படிப் பன்னிரண்டு போனால் 354 நாள்தான் ஆகும், வருஷத்துக்குப் பதினொரு நாள் குறைவு. அதனால் திதி ஒவ்வொரு வருஷமும் முன்னுக்கு முன்னுக்கு வரும். ஆனால் எங்கட திவசத்துக்கு மாதமும் முக்கியம், அந்த மாதம் சூரியனைப் பார்த்து வருகிற ஐப்பசி. ஐப்பசியை விட்டு வெளியே போகிற அளவுக்குத் திதி முன்னுக்கு வந்தால், அடுத்த பஞ்சமியைப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் 2024இல் நவம்பர் 6ஆம் திகதி வந்தது. 2025இல் திரும்ப ஒக்டோபர் 26. வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டைக்குள் நாங்கள் போகவில்லை, அதற்குப் பெரியப்பா இருக்கிறார்.

இதனால் எங்களுக்கு வருஷத்தில் இரண்டு நாள். ஒன்று ஐயர் வருகிற நாள். மற்றது போனில் பழைய படம் தானாக வந்து நிற்கிற ஒக்டோபர் 29. முதல் வருஷம் இந்த இரண்டாவது நாளை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. திவசம் முடிந்தது, கடமை முடிந்தது என்று இருக்க, பத்து நாள் கழித்து அந்தப் படம் வந்தது. அப்பா ஓட்டோவுக்கு முன்னால் நிற்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. படம் எடுக்கேக்க சிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தம்பி அன்றைக்குத்தான் அழுதான். சடங்கு நாளில் இல்லை, சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றுக் கோப்பையோடு இருந்துகொண்டு.

அந்த இடைவெளி பிழையானது என்று நாங்கள் இப்ப நினைக்கவில்லை. ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் எங்களுக்கு. கம்பஸில் இதைச் சொன்னபோது ஒரு சிநேகிதி, தங்கள் வீட்டில் திகதியை மட்டும்தான் பார்ப்பார்கள், தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டுக் கல்லறைக்கு மெழுகுதிரியோடு போவார்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் அழுது முடிக்க வேண்டும் என்று சொன்னாள். எங்களுக்கு இரண்டு நாள் இருப்பது ஒரு வசதிதான்.

செத்தவீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூர்வபக்கப் பஞ்சமி என்றால் ஐப்பசியில் பெரும்பாலும் கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். அயலெல்லாம் விரதம். அடுத்த நாள் கோயிலில் சூரன்போர். பிரேதம் வீட்டில் கிடந்தால் கோயில் கதவு திறக்க முடியாது என்பதால், காலையிலேயே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த சித்தப்பாவுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவருக்கு அது இன்றைக்கும் மனவருத்தம். எங்களுக்கும் அப்போது கோபம் வந்தது. ஆனால் அன்றைக்குப் பின்னேரம், காடு போய் வந்து தோய்ந்துவிட்டு முற்றத்தில் இருக்கேக்க, ஒலிபெருக்கியில் சூரன்போர் மேளம் கேட்டது. அப்பா ஒவ்வொரு வருஷமும் சூரனைக் காவுகிற ஆட்களில் ஒருவர். முருகன் பக்கம் அவருக்கு ஆள் போதும், சூரன் பக்கம்தான் ஆள் காணாது என்று சொல்லுவார். அந்த வருஷம் சூரனை ஒரு ஆள் குறையத்தான் காவியிருப்பார்கள். இது கல்வெட்டில் இல்லை. கோயிலுக்குச் செய்த திருப்பணி என்று ஒரு சொல் மட்டும் இருக்கு.

2022 என்பதால் கல்வெட்டே சின்னது. கடுதாசி விலை அந்த வருஷம் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. 40 பக்கம் என்று கதைத்து, கடைசியில் 16 பக்கம் ஆனது. எதை வெட்டுவது என்று பெரியவர்கள் இருந்து முடிவெடுத்தார்கள். பஞ்சபுராணத்தில் கை வைக்க முடியாது. புலம்பலில் ஒருத்தரின் பெயரை விட்டால் கோபம் வரும். ஆகவே வாழ்க்கை வரலாறு அரைப் பக்கமாகச் சுருங்கியது. எங்களுக்கு அதுதான் இன்றைக்கும் கவலை. உத்தமர் என்று சொல்ல நாலு பக்கம் இருந்தது. மனுசன் என்ன செய்தவர் என்று சொல்ல அரைப் பக்கம்.

அந்த வருஷ ஆடியில் பெற்றோலுக்கு கியூஆர் வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். அதுக்கு முதல் இரண்டு நாள், மூன்று நாள் என்று லைனில் கிடந்தவர். ஓட்டோவின் பின் சீற்றில் காலை மடக்கிப் படுத்திருப்பார். நாங்கள் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோவோம். அந்த 5 லீற்றரில் ஒரு பங்கை ஒவ்வொரு வாரமும் தனியாக வைத்திருந்தார், இரவில் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் தேவை என்று. கடைசியில் அந்தப் பெற்றோலில்தான் அவரையே கொண்டுபோனது. காலையிலிருந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, வாயுவாக்கும் என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு ஹயர் ஓடி வந்தவர். மத்தியானம் சொல்லியிருந்தால் என்று நாங்கள் இப்பவும் சில நேரம் கோபப்படுகிறோம். அவரில்தான் கோபம். செத்தவரில் கோபப்படலாமா என்று கேட்டால், மற்ற ஆட்களில் கோபப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் மறுமொழி.

இன்னொன்றும் இருக்கு. ஏ.எல். முடிவு வந்து, எங்களில் ஒராள் கலைப்பீடத்துக்குப் போகப்போவது தெரிந்தபோது, அப்பா "ஆர்ட்ஸ் படிச்சு என்னத்தைச் செய்யப் போறாய்" என்று ஒருக்கா கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையையே எடுக்கவில்லை. வாழ்த்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் ஆள் இல்லை. இதைச் சொன்னால் மாமி உடனே, "உள்ளுக்குள்ள அவனுக்குப் பெருமைதான், காட்டமாட்டான்" என்பா. அன்பில் சொல்லுறா, தெரியும். ஆனால் எங்களுக்கு அது தெரியாது, மாமிக்கும் தெரியாது. பெருமைப்பட்டாரோ, கவலைப்பட்டாரோ, இரண்டுமோ. தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவைத்தால் நோ கொஞ்சம் குறைவாக இருக்கு. பெருமைப்பட்டார் என்று நம்பச் சொன்னால், நம்பமுடியாத ஒவ்வொரு தரமும் திரும்பத் திரும்ப நோகும்.

2024 திவசத்துக்குப் பிறகு, எங்களில் கம்பஸில் இருக்கிற ஆள் நூலகம் இணையத்தளத்தில் இருக்கிற பழைய நினைவு மலர்களை ஒரு ஒப்படைக்காக வாசிக்கத் தொடங்கினா. நூற்றுக்கணக்கில் கிடக்கு. பெரும்பாலானவற்றில் எல்லா அப்பாக்களும் ஒரே அப்பா, எல்லா அம்மாக்களும் ஒரே அம்மா. முகத்தை மாற்றிவிட்டால் ஆள் மாறாது. ஆனால் இடைக்கிடை ஒன்று வரும். யாரோ ஒரு மகள், தன் தாய் அடுப்படியில் எந்தப் பக்கம் பார்த்து இருப்பா என்று எழுதியிருப்பா. யாரோ ஒரு மருமகன், மாமாவோடு காணிப் பிரச்சினையில் மூன்று வருஷம் கதைக்காமல் இருந்ததை ஒரு வரியில் ஒத்துக்கொண்டிருப்பார். அதை வாசித்தால் போதும், முன்பின் தெரியாத அந்த ஆள் எழும்பி வந்து முன்னால் நிற்பார். குறை சொன்னதால் அவர் குறைந்து போகவில்லை.

அதனால் போன ஐப்பசியில் நாங்கள் எங்கட கல்வெட்டை எழுதினோம். அச்சடிக்கவில்லை. சிஆர் கொப்பியில் நடுத்தாளைக் கழற்றி, ஆளுக்கு ஒரு பக்கம். ஒரு விதி வைத்தோம்: கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை மட்டும் எழுதலாம், நல்லவர், அன்பானவர் மாதிரிச் சொற்கள் கூடாது. அக்கா, தன்னை முதன்முதல் வேலைக்கு இறக்கிவிட்டுவிட்டு, அவர் போகாமல் எதிர்ப்பக்கம் அரைமணித்தியாலம் நின்றதை எழுதினா. தான் பார்த்ததை அப்பாவுக்குக் காட்டிக்கொள்ளவில்லையாம். ஆர்ட்ஸ் கதையும் அப்படியே எழுதப்பட்டது. தம்பி எழுதினது நாலு வரி. கிரிக்கெட் பற் கேட்டு அழுதபோது அப்பா அடித்தது, பிறகு அடுத்த நாள் தென்னம் மட்டையில் ஒன்று செதுக்கித் தந்தது, அது மூன்றாம் நாள் உடைந்தது.

அம்மாவுக்கும் ஒரு தாள் குடுத்தோம். கன நேரம் வைத்திருந்துவிட்டு, ஒரு விஷயத்தைச் சொல்லி, இது மட்டும் வேண்டாம் என்றா. நாங்கள் அதை எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை. எங்களைவிட நீண்ட காலம் அவரோடு இருந்தவ அம்மா. எது வெளியே வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லுகிற உரிமை அவவுக்குத்தான் முதலில். இதை நேர்மைக்குக் குறை என்று நாங்கள் நினைக்கவில்லை. சொல்லாமல் விடுவது வேறு, இல்லாததைச் சொல்லுவது வேறு.

ஒக்டோபர் 26 காலமை ஐயர் வந்தார். எள்ளும் தர்ப்பையும் பிண்டமும் எல்லாம் முறைப்படி நடந்தது. அரிசி, காய்கறி தானம் குடுத்தோம். திவசம் என்பதால் சைவச் சாப்பாடு, ஆகவே அப்பாவுக்குப் பிடித்த ஒன்றும் இல்லை, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பைத் தவிர. காகத்துக்கு வைத்தபோது அது வரவில்லை. பெரியப்பா அந்தரப்பட்டு "கா கா" என்று கூப்பிட்டுக் களைத்துப்போனார். விரதகாரர் நாலு பேர் பாலையும் பழத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு திண்ணையில் இருந்தார்கள். சாப்பாடு மிஞ்சியது.

எங்கட தாள்களை நாங்கள் அன்றைக்கு எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, 29ஆம் திகதி இரவு, வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கேக்க வாசித்தோம். மாமி வந்திருந்தா. தென்னம் மட்டைக் கதையில் அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரின் தகப்பனும் அவருக்கு அப்படித்தான் செதுக்கிக் குடுத்தவராம், அதுவும் மூன்றாம் நாள் உடைந்ததாம். தம்பி எழும்பி, மாமி சொன்னதையும் தன்ர தாளில் அடியில் எழுதினான். விதிப்படி அது அவன் காதால் கேட்டது.

பிறகு அம்மா தாள்களை வாங்கி, மடித்து, அச்சடித்த கல்வெட்டுக்குள் மக்கள் புலம்பல் இருக்கிற பக்கத்தில் வைத்தா. இன்னும் ஒன்றும் எழுதாத தன்ர தாளையும் சேர்த்து.